பேர் இல்லாத குளிகை

பிரட்டுக்களத்தில், எண்பது பேருக்கு முன்னால், எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சுவக்கீன் சொன்ன வார்த்தை இதுதான்: "அப்பனுக்கு மாத்திரை கொடுக்கத் தெரியாதவ எல்லாம் எதுக்கும்மா அப்பனக் கூட வச்சுக்கிறே?"

காலை ஏழரை மணிக்கு ஆட்களை எண்ணி மலைக்கு அனுப்பும் இடம் அது. சூப்பர்வைசர் பேரேட்டைத் திறந்து வைத்திருந்தார். பெண்கள் படங்கு என்கிற தார்ப்பாய்த் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையில் கொழுந்து வெட்டும் கத்திரியோடு வரிசையாக நின்றார்கள். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. சுருளியம்மாள் பதில் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்பதில்லை. முப்பது வருஷமாக அந்த எஸ்டேட்டில் வாயை வைத்துத்தான் அவள் பிழைத்திருக்கிறாள். அன்றைக்கு அவளுக்கே சந்தேகமாக இருந்தது. தப்பு தன் மேல்தானோ என்று.

நடந்தது இதற்கு மூன்று நாள் முன்னால். அவளுடைய அப்பா பெரியமுத்து, எழுபத்தொன்பது வயது, தேயிலை பாக்டரியில் இலை வறுக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புருஷன் போன பிறகு எஸ்டேட் லயத்து வரிசையில் சுருளியம்மாளின் வீட்டில் அவரும் அவளும்தான். அன்று காலை ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டு செபமாலையம்மாள் குழாயடிக்குப் போனபோது, பெரியமுத்து குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். சட்டை முழுக்க வேர்வை. தேவிகுளம் பக்கத்து மார்கழிக் குளிரில் வேர்வை. "என்ன மாமா"ன்னு கேட்டால், "சங்கு ஊதிருச்சா, ஷிப்டுக்கு நேரமாச்சு" என்கிறார். அவர் ஷிப்டுக்குப் போய் இருபது வருஷம் ஆகிறது.

அந்தப் பக்கம் போன இரண்டு பேர் நின்று பார்த்துச் சொன்னார்கள்: "பெருசு காலையிலயே போட்டுருச்சு போல." பெரியமுத்து சாராயத்தைத் தொட்டு அதுக்கும் இருபது வருஷம். ஆனால் லயத்தில் ஒரு கிழவன் தள்ளாடினால் முதலில் வருவது அந்தப் பேச்சுதான்.

செபமாலையம்மாள் அவர்களை அதட்டி, தூக்கச் சொல்லி, எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். சுவக்கீன் விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை நாற்பத்திரண்டு. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றி, ஜீப்பில் போட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அதைச் செய்தார், இல்லை என்று சொல்லக் கூடாது. அங்கே ஒரு நாள் முழுக்கப் படுக்க வைத்திருந்தார்கள். சுகர் மாத்திரையின் வேகம் உடம்பில் கிடக்கும், ஏற்றிய சர்க்கரை தீர்ந்ததும் மறுபடி இறங்கும், அதனால் உடனே விட முடியாது என்றார் அங்கிருந்த டாக்டர். அனுப்பும்போது ஒரே ஒரு விஷயம் சொன்னார்: "சுகர் மாத்திரை ஒண்ணும் கொடுக்காதீங்க. வர்ற புதன்கிழமை உங்க ஆரோக்கிய கேந்திரத்துல சுகர் கிளினிக் இருக்கு. வீட்டுல இருக்கிற மருந்து எல்லாத்தையும், ஒண்ணு விடாம, எடுத்துட்டுப் போங்க. அங்கிருக்கிற டாக்டர்கிட்ட நானும் பேசுறேன்."

அதற்குள்தான் பிரட்டுக்களத்தில் அந்த வார்த்தை. அன்றே போடியிலிருந்து தம்பி முனீஸ்வரனின் போன்.

"அக்கா, நான் கேள்விப்பட்டேன். அடுத்த வாரம் சனிக்கிழமை காரு எடுத்துட்டு வாரேன். அப்பாவ இங்க ஒரு ஹோம் இருக்கு, அதுல சேத்துருவோம். நர்சு வச்சு நேரத்துக்கு மாத்திரை கொடுப்பாங்க."

"எங்கிட்ட என்னடா கொறச்சல்?"

"கொறச்சல்னு சொல்லல. ஒனக்கு இங்கிலீஷ் தெரியாது, மலையாளம் வாசிக்கத் தெரியாது. மாத்திரை என்ன கொழுந்தா, பாத்ததும் கிள்ளிப் போட?"

சுருளியம்மாள் போனை வைத்துவிட்டாள். மறுபடி அது அடித்தது. எடுக்கவில்லை.

இந்தத் தம்பி, ஆவணியில் அப்பாவை ஒரு மாசம் போடிக்குக் கூட்டிப் போய் வைத்திருந்தான். அங்கே ஒரு தனியார் டாக்டரிடம் காட்டி, ஒரு பை மருந்தோடு திருப்பி அனுப்பியிருந்தான். அந்தப் பையும், கீழே அரசாங்க ஆரோக்கிய கேந்திரத்தில் மாசாமாசம் இலவசமாகத் தரும் மருந்தும், எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பேப்பர் கவரில் மடித்துத் தருவதும், மூன்றும் ஒரே பிஸ்கட் டப்பாவில் கிடந்தன. சுருளியம்மாள் அவற்றை நிறத்தை வைத்துத்தான் கொடுத்து வந்தாள். பச்சை காலையில், போடி மாத்திரையும் காலையில். நீளமான வெள்ளை காலையும் ராத்திரியும். மருந்து மாறி, பச்சை ரோஸாகி வந்தபோது, ரோஸ் புது மருந்து என்று நினைத்து, பழைய பச்சையையும் விடாமல் சேர்த்துக் கொடுத்தாள். கவரில் 1-0-1 என்று எழுதியிருக்கும். முதல் தடவை பார்த்தபோது, "நூத்தியொண்ணுன்னு மொய் எழுதுன மாதிரில்ல இருக்கு" என்று பெரியமுத்து சிரித்தார். காலை ஒன்று, மதியம் இல்லை, ராத்திரி ஒன்று என்று செபமாலையம்மாள்தான் விளக்கினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. சுருளியம்மாள் கொழுந்துப் படங்கை முற்றத்து வெயிலில் விரித்தாள். டப்பாவைக் கவிழ்த்தாள். பெரியமுத்து வாசற்படியில் உட்கார்ந்து, வீங்கிய காலை நீட்டிக்கொண்டு பார்த்தார். கால் வீக்கம் புரட்டாசியிலிருந்து. மழைக்குளிர் என்று எல்லோரும் சொன்னதால் அவரும் அப்படியே நம்பிவிட்டார்.

"என்ன புள்ள, மாத்திரைய காயப் போடுறியா?"

"முத்தலும் எளசும் பிரிக்கிறேன் அப்பா."

பெரிய எழுத்தில் அட்டைக்கு அட்டை வேறு வேறு பேர். அவளுக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. அட்டையைத் திருப்பினாள். பேருக்குக் கீழே கொசு மொய்த்த மாதிரி சின்ன எழுத்து. கூடையில் ஒரு கருத்த இலை கிடந்தால் எடை போடும் இடத்தில் கிலோவைக் கழித்துவிடுவார்கள். கழிவு வராமல் இலை பார்த்துப் பார்த்து அவள் கண் ஊசியாகிவிட்டது. ஒரு எழுத்து பாம்பு சுருண்டு தலை உள்ளே வைத்த மாதிரி. அடுத்தது ஒரு குச்சி. அதற்கடுத்து இன்னொரு குச்சி, தலையில் புள்ளி. அதே பாம்பு, அதே குச்சி, அதே புள்ளி, கேந்திரத்து ரோஸ் அட்டையிலும் இருந்தது. பழைய பச்சையிலும் இருந்தது. தம்பியின் பையில் வந்த பளபள அட்டையிலும் இருந்தது, அங்கே கூடவே இன்னொரு பேரும் சேர்ந்து.

"அப்பா, இந்த மூணும் ஒரே சாதி."

"எப்படிச் சொல்றே?"

"முன்னால ஒரே பாம்பு சுருண்டு கெடக்கு."

பெரியமுத்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "ஒனக்குத் தெரிஞ்சா சரி. எனக்கு எல்லாம் எறும்புதான்."

கடைசியில் மிஞ்சியது எஸ்டேட் ஆஸ்பத்திரியின் பேப்பர் கவர். உள்ளே சின்ன வெள்ளை மாத்திரைகள், அட்டை இல்லாமல், எழுத்து இல்லாமல். கவரில் "ராத்திரி 1" என்று மட்டும். அது என்னவென்று படித்தவனாலும் சொல்ல முடியாது. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் சுருளியம்மாளுக்குச் சூடு ஏறியது. இங்கிலீஷ் தெரியாதது தன் குற்றம், சரி. பேரே போடாமல் கொடுத்தது யார் குற்றம்?

புதன்கிழமை லீவு சொல்லிவிட்டு, அப்பாவையும் டப்பாவையும் கூட்டிக்கொண்டு கீழே கேந்திரத்துக்குப் போனாள். ஐம்பது பேர் வரிசை. நர்ஸ் ஷிஜி, பீர்மேட்டுக்காரி, தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிறவள், டப்பாவைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஈ குளிகை எல்லாம் ஒரு ஆளுக்கா சேச்சி?"

"எங்க அப்பாவுக்குத்தான்."

பெரியமுத்து நடுவில் புகுந்தார். "குளிகையா? குளிகை நேரத்துல எதச் செஞ்சாலும் திரும்பவும் நடக்கும்னு சொல்லுவாங்க தாயி. அதான் ஒரே மாத்திரை ரெண்டு தடவ வந்துருச்சு போல."

ஷிஜிக்குத் தமிழ்ப் பஞ்சாங்கம் தெரியாது. மலையாளத்தில் குளிகை என்றால் மாத்திரை, அவ்வளவுதான். ஆனால் சுருளியம்மாள் வைத்த மூன்று அட்டையைத் திருப்பிப் பார்த்ததும் அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"சேச்சி, இது மூணுலயும் கிளிமிபிரைடு. சுகரைக் கீழ எறக்குற மருந்து. இந்த போடி அட்டையில அதுவும் மெட்பார்மினும் சேர்ந்து இருக்கு. இங்கேயும் ரெண்டும் தனித்தனியா தர்றோம். அப்போ ரெண்டும் டபுளா போயிருக்கு. கிளிமிபிரைடு மூணு தடவ."

"பேரு வேற வேறயா இருக்கே?"

"கம்பெனி வைக்கிற பேரு வேற. மருந்து ஒண்ணுதான். பின்னால சின்னதா எழுதியிருக்கிறது பாக்கணும். நிறத்தை நம்பவே கூடாது, ஒவ்வொரு தடவையும் வேற கம்பெனி, வேற நிறம். நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கண்ணு இருக்குல்ல தாயி," என்றாள் சுருளியம்மாள். வேறு சொல்ல அவளுக்குப் பொறுமை இல்லை.

ஷிஜி அவர்களை டாக்டரிடம் நேராகக் கூட்டிப் போனாள். டாக்டரம்மா முதலில் கேட்டது, மாத்திரை எப்போது கொடுக்கிறீர்கள் என்று.

"காலையில, வெறும் வயித்துல. மொத சங்கு ஊதுனதும் கட்டன் சாயா குடிப்பாரு. அதோட கொடுத்துட்டு நான் மலைக்குப் போயிருவேன்."

"எப்போ சாப்பிடுவார்?"

"ஒம்பதரை, பத்து ஆகும். அதுக்கு முன்னால அவருக்கு எறங்காது."

டாக்டரம்மா பேனாவை நிறுத்தினார். "கட்டன் சாயா ஆகாரம் இல்ல அம்மா. சுகரை எறக்குற மாத்திரை உள்ள போயி, மூணு மணி நேரம் வயித்துல ஒண்ணும் இல்லாம இருந்தா, ஆள் விழத்தான் செய்வார். அதுவும் மூணு மாத்திரை."

சுருளியம்மாளுக்குக் காது சூடானது. எஸ்டேட்டில் டீயை யாரும் சாப்பாட்டில் சேர்க்க மாட்டார்கள். வெறும் வயிறு என்றால் டீ மட்டும் உள்ள வயிறு. ஆனால் அதோடு மாத்திரை போட்டால் வயிறு தாங்கும் என்றும் நினைப்பார்கள். இவ்வளவு வருஷத்தில் ஒருத்தர் கேட்டதில்லை, எப்போது சாப்பிடுகிறார் என்று. சாப்பாட்டுக்கு முன் என்று ஒரு கோடு போட்டுக் கொடுத்தால் போதுமா? இந்த மலையில் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்க வேண்டாமா?

டாக்டரம்மா கிளிமிபிரைடை எடுத்தே விட்டார். இந்த வயசுக்கு அது வேண்டாம் என்றார். மெட்பார்மின் காலையும் ராத்திரியும், சாப்பிட்ட பிறகு. ஐந்து வருஷம் முன்னால் வாய் கோணிய பக்கவாதத்துக்காக ஒரு ஆஸ்பிரின், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. பிரஷருக்கு அம்லோடிபின் காலையில் ஒன்று. கொழுப்பு மாத்திரை ராத்திரி ஒன்று. இரண்டு வாரத்தில் மறுபடி ரத்தம் பார்க்க வர வேண்டும். பிறகு அவர் பார்வை காலில் நின்றது. விரலால் அழுத்தினார், குழி விழுந்தது. "இந்தக் கவர்ல இருக்கிறது என்ன?"

"தெரியாது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில கொடுத்தாங்க."

"பேர் இல்லாத மாத்திரைக்கு நான் ஒண்ணும் சொல்ல முடியாது. அங்கேயே பேர் எழுதி வாங்குங்க. தெரியற வரைக்கும் கொடுக்காதீங்க. நாளைக்கே ஷிஜிக்குப் போன் பண்ணுங்க."

மறுநாள் வியாழன். பத்து மணி டீ நேரத்தில் சுருளியம்மாள் மலையிலிருந்து நேராக எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு இறங்கினாள். காலெல்லாம் நனைந்து, படங்கு இடுப்பில், கத்திரி கையில். பின்னால் எட்டுப் பெண்கள் வந்தார்கள். யாரையும் அவள் கூப்பிடவில்லை. செபமாலையம்மாள் கூப்பிட்டிருந்தாள்.

"சார், இது என்ன மாத்திரை?"

சுவக்கீன் கவரைப் பார்த்தார். "ராத்திரி மாத்திரை."

"ராத்திரி எனக்குத் தெரியும். பேரு என்ன?"

"பேர் தெரிஞ்சு நீ என்ன பண்ணப் போறே? படிக்கத் தெரியுமா ஒனக்கு?"

"எனக்குப் படிக்கத் தெரியாது சார். அதத்தான் நீங்க பிரட்டுல சொன்னீங்க. ஒங்களுக்கு எழுதத் தெரியுமான்னு கேக்க வந்துருக்கேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். சுவக்கீனின் முகம் சிவந்தது. "இங்க எழுதிக் கொடுக்கிற வழக்கம் இல்ல. டப்பாவுலருந்து எண்ணிக் கொடுக்கிறோம், அம்பது வருஷமா."

"அம்பது வருஷமா எத்தன பேர் விழுந்தாங்கன்னு எண்ணினீங்களா?"

"ஏ சுருளி, மரியாதையா பேசு."

"மரியாதையாத்தான் கேக்குறேன். எழுதிக் கொடுங்க. இல்லன்னா மத்தியான எடைக்கு நாங்க எறங்க மாட்டோம், இங்கயே ஒக்காந்திருப்போம். துரை வந்து கேக்கட்டும்."

சுவக்கீன் அலமாரியைத் திறந்தார். பெரிய டப்பாவை எடுத்தார். பார்த்தார். மறுபடி பார்த்தார். பழைய நோட்டைப் புரட்டினார். கவரில் ஒரு பேரை எழுதினார். அம்லோடிபின்.

சுருளியம்மாள் போனில் ஷிஜியைக் கூப்பிட்டு, கவரைப் படித்துச் சொல்லும்படி போனைச் சுவக்கீனிடமே நீட்டினாள். அவர் படித்தார். அந்தப் பக்கம் ஷிஜியின் குரல் எட்டுப் பெண்களுக்கும் கேட்டது, ஸ்பீக்கரில்: "இங்கயும் அது ராவிலெ, காலையில, தர்றோமே! அப்போ பிரஷர் மாத்திரையும் டபுள். அதுதான் கால் வீங்குது, அந்த மருந்து கூடினா கால்ல நீர் கட்டும். தலையும் சுத்தும். அந்த கவரை நிறுத்தச் சொல்லுங்க, டாக்டரம்மாகிட்ட நான் இப்பவே சொல்லுறேன். காலையில இங்க தர்ற ஒண்ணு மட்டும் போதும்னு அவங்க சொன்னதுதான்."

புரட்டாசியிலிருந்து அந்தக் காலோடு நடந்த மனுஷன். மழை என்று சொன்னார்கள். வயசு என்று சொன்னார்கள். ஒரு கவரில் ஒரு பேர் எழுதியிருந்தால் அந்தக் கால் வீங்கியிருக்காது.

"சரி," என்றார் சுவக்கீன், தாழ்ந்த குரலில். "என் மேலயும் தப்பு இருக்கு."

"சத்தமாச் சொல்லுங்க சார்," என்றாள் சுருளியம்மாள். "அன்னிக்குச் சொன்னப்ப கடைசி வரிசைக்குக் கேட்டுச்சு."

அவர் சத்தமாகச் சொன்னாரா? சொன்னார். செபமாலையம்மாள் இரண்டு தடவை கேட்டு வாங்கினாள். காது கேட்கவில்லை என்று.

அன்று மாலை மூணாறு டவுனில் ஏழு நாளுக்கும் அறை அறையாகப் பிரித்த மாத்திரைப் பெட்டி ஒன்று வாங்கி வந்தாள் சுருளியம்மாள். ஒரு நாளைக்கு மூணு அறை. ஷிஜி சொன்ன முறையில், ஞாயிறு தோறும் உட்கார்ந்து நிரப்புவது. அட்டையோடு வெட்டிப் போடுவது, பேர் தெரியும்படி. பெட்டிக்கு மேலே சுவரில் ஒரு தாள். காலைக்கு ஒரு சங்கு வரைந்திருந்தாள், மதியத்துக்குச் சூரியன், ராத்திரிக்கு விளக்கு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சோற்றுத் தட்டு. தட்டுக்குப் பிறகுதான் மாத்திரை. கொடுத்ததும் பெரியமுத்துவே கரியால் ஒரு கோடு போட வேண்டும். கோடு இருந்தால் மறுபடி கொடுக்கக் கூடாது. ஒரு வேளை விட்டுப் போனால், அடுத்த வேளை இரண்டாகக் கொடுக்கவும் கூடாது. வேர்த்துக் கொட்டினாலோ, கை நடுங்கினாலோ, பேச்சு மாறினாலோ, முழிப்பு இருக்கும்போதே மூணு கரண்டி சர்க்கரை தண்ணீரில் கரைத்து, பிறகு சாப்பாடு, பிறகு ஷிஜிக்குப் போன். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஜீப். இதைச் செபமாலையம்மாளுக்கும் சொல்லி வைத்தாள், பகலில் இருப்பது அவள்தானே. அதிகாலைச் சங்குக்கு ரெண்டு ரொட்டியும் வெஞ்சனமும் முதலில் செய்துவிட்டுத்தான் இப்போது கட்டன் சாயா.

"ரொட்டி முன்னால, சாயா பின்னால," என்று பெரியமுத்து முணுமுணுத்தார். "இந்த வயசுல எனக்கு மருமக ஒருத்தி வந்த மாதிரி இருக்கு."

"தின்னுங்க."

சனிக்கிழமை முனீஸ்வரன் காரோடு வந்தான். லயத்து வாசலில் நிறுத்தி, செருப்பைக் கழற்றாமல் உள்ளே எட்டிப் பார்த்தான். பையை எடு, அப்பாவ எழுப்பு என்றான்.

"வா. ஒக்காரு. நீ ஆவணியில டாக்டர்கிட்ட காட்டினியே, அப்ப அப்பா இங்க தின்னுக்கிட்டிருந்த மாத்திரை எல்லாம் கொண்டு போய்க் காட்டினியா?"

அவன் கார்ச் சாவியை விரலில் சுழற்றினான்.

"காட்டினியாடா?"

"அது ப்ரீ மாத்திரக்கா. கவர்மெண்டுல கொடுக்கிறது. அத எப்படி ஒரு நல்ல டாக்டர்கிட்ட எடுத்துக் காட்ட? நம்மள என்ன நெனப்பாரு?"

சுருளியம்மாள் அவனைப் பார்த்தாள். ஒரு வாரமாக மனசில் வைத்திருந்த கோபம் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் வந்து நின்றது. அவமானம்! இலவச மாத்திரையைக் காட்ட அவமானம், அதனால் ஒரே மருந்தைக் காசு கொடுத்து இன்னொரு தடவை வாங்கி, அப்பன் குழாயடியில் விழுந்தார். அதற்குப் பழி, படிக்காத அக்காள் மேல்.

"சரி. நீ படிச்சவன். இந்தப் பெட்டியப் பாரு. இப்ப மணி ஒண்ணு. அப்பாவுக்கு எந்த மாத்திரை, ஏன், எப்படி, சொல்லு. சொல்லிட்டு கூட்டிட்டுப் போ."

முனீஸ்வரன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சுவரில் சங்கையும் சூரியனையும் பார்த்தான். "இது… பிரஷருக்கா?"

"பிரஷர் காலையில போயிருச்சு." பெரியமுத்து சோற்றுத் தட்டை வழித்துவிட்டுக் கையை நீட்டினார். "மதியத்துக்கு இந்தச் சின்னது. ஆஸ்பிரினு. ரத்தம் கட்டாம இருக்க. சோறு உள்ள போன பெறகு. முனீசு, ஒன் ஹோமுல நர்சம்மாவுக்குத் தெரியுமா, எனக்கு மொத சங்குக்கு ரொட்டி வேணும்னு?"

பெரியமுத்து மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கினார். அடுப்புக் கரியை எடுத்து, சூரியனுக்குக் கீழே ஒரு கோடு போட்டார். கை நடுங்கவில்லை. போன வாரம் நுழையாத செருப்பில் கால் கொஞ்சம் நுழைந்தது, பாதி.

"அந்த போடி டாக்டர் சீட்டு ஒங்கிட்டத்தான இருக்கு," என்றாள் சுருளியம்மாள். "அத அனுப்பு. ஷிஜிகிட்ட கொடுக்கணும். அடுத்த தடவ அப்பாவ எங்க கூட்டிட்டுப் போனாலும் இந்தத் தாளும் பெட்டியும் கூடப் போகும். அவமானமா இருந்தா நீ வெளிய நில்லு."

கார் காலியாகத் திரும்பியது. ராத்திரி எட்டு மணிக்குப் போனில் சீட்டின் படம் வந்தது. கூடவே ஒரு வரியும் இல்லை. சுருளியம்மாள் அதைச் செபமாலையம்மாளிடம் காட்டி, கிளிமிபிரைடின் பாம்பு எழுத்து எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினாள்.